பாலிசி ஷெட்யூலும் கிளைம் கடிதமும் தமிழில் வேண்டும்: ஊரில் இருக்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் வேலை, அம்மா அப்பா ஊரில். அவர்கள் பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடு. தபாலில் வரும் எல்லாமே ஆங்கிலம். இந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். தனியாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டைத்தான் பெரும்பாலும் பேசுகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கும் அரசு ஊழியர் திட்டங்களுக்கும் நடைமுறை வேறு.

பாலிசி ஷெட்யூல்னா எது? அப்பாகிட்ட ஒரு கட்டு காகிதம் இருக்கு, எதைத் தமிழ்ல கேக்கணும்னே தெரியல.

அந்தக் கட்டில் பொதுவாக நான்கு விஷயங்கள் இருக்கும். முதலில் ஒன்றிரண்டு பக்கத்தில் அப்பாவின் பெயர், வயது, பாலிசி எண், காப்பீட்டுத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், ஏற்கெனவே உள்ள நோய்கள், நாமினி என்று கட்டம் கட்டி இருக்கும். இதுதான் ஷெட்யூல். அவருக்கென்றே அச்சிட்டது. அடுத்து முப்பது நாற்பது பக்கத்துக்குப் பொடி எழுத்தில் வருவது பாலிசி விதிமுறைகள். அதே பாலிசியை வாங்கிய எல்லோருக்கும் அது ஒன்றுதான். மூன்றாவது, அவர் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தின் நகல்.

நான்காவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று சில பக்கங்களில் இருக்கும். அலுவலகத்தில் ‘சிஐஎஸ்’ என்று சொன்னால் சட்டென்று புரியும். எது உண்டு, எது இல்லை, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், கையிலிருந்து எவ்வளவு போகும், புகாரை யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் எளிய மொழியில் சொல்ல வேண்டிய தாள் அது. தமிழில் கேட்க வேண்டிய முதல் காகிதம் இதுதான். ஏன் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கேட்டா குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கா, இல்ல அவங்க மனசு வெச்சாதானா?

காகிதத்தைப் பொறுத்தது. தகவல் தாளுக்குத் தெளிவான விதி உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2023 அக்டோபரில் அதன் வடிவத்தை மாற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பாலிசிதாரர் விரும்பினால் அவருடைய வட்டார மொழியில் அதைத் தர வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். எழுத்தின் அளவு குறைந்தது 12 இருக்க வேண்டும், பெற்றுக்கொண்டதற்குப் பாலிசிதாரரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே “எங்களிடம் தமிழில் இல்லை” என்ற பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

ஷெட்யூலுக்கும் விதிமுறைகளுக்கும் அந்த அளவு பலம் இல்லை. பாலிசிதாரர் நலன் பற்றிய 2002, 2017 விதிமுறைகள் இரண்டும், காப்பீட்டுக்கான படிவங்களையும் ஆவணங்களையும் சூழ்நிலையைப் பொறுத்து அரசியலமைப்பு ஏற்ற மொழிகளில் தரலாம் என்ற அளவில்தான் பேசின. கட்டாயம் என்று சொல்லவில்லை. கேட்டால் சில நிறுவனங்கள் தருகின்றன, சில கைவிரிக்கின்றன.

கிளைம் முடிவுக் கடிதம் தமிழில்தான் வர வேண்டும் என்று நான் எந்த விதியையும் காட்ட முடியாது. ஆனால் வேறொரு வலுவான பிடி இருக்கிறது. கிளைமை முழுதாக மறுத்தாலும் சரி, ஒரு பகுதியைக் குறைத்தாலும் சரி, பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டு முழு விவரம் தர வேண்டும். எனவே “தமிழில் கடிதம் கொடு” என்று மட்டும் கேட்காமல், “எந்த விதி, எந்த வரி, எவ்வளவு தொகை என்று காட்டு, அதைத் தமிழில் விளக்கு” என்று கேளுங்கள். முதல் பாதியை அவர்கள் மறுக்க முடியாது. அது வந்துவிட்டால் இரண்டாம் பாதி வராவிட்டாலும் அப்பாவுக்கு நீங்களே சொல்லிவிடலாம்.

ஏஜென்ட் பேங்க்லயே இருக்கார், அவர்கிட்ட சொன்னா போதாதா?

போதாது. சின்ன ஊர்களில் பெரியவர்கள் வைத்திருக்கும் பாலிசிகளில் நிறைய வங்கிக் கிளையில் விற்றவை. வங்கி அங்கே வெறும் முகவர். ஒப்பந்தம் காப்பீட்டு நிறுவனத்தோடு. கிளை மேலாளர் மாற்றலாகிப் போனால் உங்கள் கோரிக்கையும் அவரோடு போய்விடும். அவரிடம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்து காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். முகவரி ஷெட்யூலில் இருக்கும். மூத்த குடிமக்களின் கிளைம்களுக்கும் புகார்களுக்கும் நிறுவனங்கள் தனி வழி வைத்திருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் அவர்களுக்கென்றே ஒரு மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ இருக்கும். அதற்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மின்னஞ்சல் பழக்கமில்லாத அப்பா கையால் எழுதி ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பினாலும் நல்லதே.

கால் சென்டரில் தமிழில் பேசுவார்கள், அன்பாகவும் பேசுவார்கள். ஆனால் பேசி முடித்தபின் கோரிக்கை எண் வாங்காமல் போனை வைத்தால் அந்தப் பேச்சு நடந்ததற்கே சாட்சி கிடையாது.

லெட்டர்ல என்ன எழுதணும்? ஒரு மாதிரி குடுங்களேன்.

சுருக்கமாக எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பொருள் வரியையும் பாலிசி எண்ணையும் மட்டும் ஆங்கிலத்திலும் போட்டால் சரியான மேசைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். இப்படி ஒன்று போதும்:

“ஐயா / அம்மா, மேற்கண்ட பாலிசி என் பெயரில் உள்ளது. எனக்கு வயது 71. தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். என் பாலிசிக்கான வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில், அச்சிட்ட பிரதியாக, ஷெட்யூலில் உள்ள என் முகவரிக்கு அனுப்புங்கள். ஷெட்யூலும் தமிழில் தர இயலுமானால் அதையும் அனுப்புங்கள். இயலாவிட்டால் அதை எழுத்தில் தெரிவியுங்கள். இனிமேல் கிளைம் சம்பந்தமாக எனக்கு அனுப்பும் கடிதங்களில் முடிவையும் காரணத்தையும் தமிழிலும் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் அனுப்புங்கள்.”

“இயலாவிட்டால் எழுத்தில் தெரிவியுங்கள்” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மௌனமாக இருப்பது அவர்களுக்கு வசதி. ‘முடியாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது யாருக்கும் வசதியில்லை. அச்சிட்ட பிரதி என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. இப்போது பாலிசியை மின்வடிவில் கொடுப்பதுதான் வழக்கம், கேட்டால்தான் காகிதம் வரும். எழுபது வயதுக்காரரின் போனுக்கு பிடிஎஃப் அனுப்பிவிட்டு ‘கொடுத்துவிட்டோம்’ என்று கணக்கு எழுதிவிடுவார்கள்.

அம்மாவுக்குப் பதிலா நான் சென்னைலேர்ந்து கேக்கலாமா?

முதலில் பாலிசிதாரர் யார் என்று பாருங்கள். பிரீமியம் கட்டி அம்மா பெயரைச் சேர்த்தது நீங்கள் என்றால், பெரும்பாலும் பாலிசிதாரர் நீங்களே. அப்போது உங்கள் பெயரில் கேளுங்கள், ஆனால் படிக்கப்போவது அம்மா என்று சொல்லுங்கள். பாலிசி அம்மா பெயரில் என்றால் கடிதத்தில் அம்மாவின் கையெழுத்து வேண்டும். கூடவே “இந்த விஷயத்தில் என் மகனோடு பேசலாம்” என்று இரண்டு வரியில் ஒரு அதிகாரக் கடிதம், இருவரின் அடையாள அட்டை நகல். இது இல்லாவிட்டால் மருத்துவ விவரங்களை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அது நியாயமும்தான்.

அலுவலகம் கொடுக்கும் குழுக் காப்பீட்டில் பெற்றோர் இருந்தால் கதை வேறு. அங்கே பாலிசிதாரர் உங்கள் நிறுவனம். உங்கள் கைக்கு வருவது சான்றிதழ் மட்டுமே. மனிதவளத் துறை வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்த் தாள் வந்துடுச்சு. அதுல எதைப் பாக்கணும்?

மூன்றை மட்டும் பாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஒன்று, அறை வாடகைக்கு வரம்பு உண்டா. இரண்டு, ஒவ்வொரு கிளைமிலும் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு உண்டா. கோ-பே என்பார்கள், பெரியவர்கள் பாலிசியில் 20 சதவீதம் அடிக்கடி பார்ப்பது. மூன்று, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு எவ்வளவு. 2024 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாலிசிகளில் இது அதிகபட்சம் 36 மாதம்.

பிறகு அதை ஷெட்யூலோடு வைத்து, ஷெட்யூலில் ஏற்கெனவே உள்ள நோய் என்ற கட்டத்தைப் பாருங்கள். அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை இருந்து, அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தால் உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பிரீமியம் கூடலாம், பாலிசியைத் தொடரவே யோசிக்கலாம். இருந்தாலும் மருத்துவமனையில் படுத்த பிறகு அது வெளியே வருவதைவிட இப்போது வருவது மேல். புது பாலிசி என்றால், ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். அந்த நாள்கணக்கு பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல வேற ஒண்ணுன்னு இருந்தா எது செல்லும்?

தகவல் தாளுக்கும் பாலிசி ஆவணத்துக்கும் முரண் வந்தால் பாலிசி ஆவணமே செல்லும் என்று அந்தத் தாளிலேயே குறிப்பு இருக்கும். அதாவது பெரும்பாலும் ஆங்கிலம்தான் ஜெயிக்கும். தமிழ்த் தாள் புரிந்துகொள்வதற்கு. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அதனால் தமிழ்த் தாளுக்கு மதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கு அது ஆதாரம். விலக்கு விதிகளைப் பாலிசிதாரருக்குத் தராமலே வைத்திருந்துவிட்டு, பிறகு அதைக் காட்டி மறுக்க முடியாது என்று 2019-இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொழியைப் பற்றிய தீர்ப்பு அல்ல அது, ஒரு திருட்டுக் காப்பீட்டு வழக்கு. ஆனால் என்ன கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பதை நீங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டியதற்கு அதுவே போதுமான காரணம். தமிழ்த் தாள் வந்த உறையை, தபால் முத்திரையோடு, தூக்கிப் போடாதீர்கள்.

கிளைம்ல பாதிதான் வந்துச்சு. லெட்டர்ல ரெண்டு வரி இங்கிலீஷ். அம்மா அதுதான் சட்டம்னு நம்பிட்டாங்க. என்ன பண்ண?

இதை ஒரு கணக்கோடு பார்ப்போம். திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் கதை. புரிவதற்காகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். கோ-பே 20 சதவீதம். அவர் நாளுக்கு 5,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தார். பில்லில் அறை 20,000. மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் 50,000. மருந்தும் பரிசோதனையும் 30,000. மொத்தம் ஒரு லட்சம். கணக்கில் வந்தது 47,040 ரூபாய். கடிதத்தில் இருந்தது, விகிதாசாரக் கழிவும் கோ-பேயும் பிடித்தம் என்ற பொருளில் ஒரே ஆங்கில வாக்கியம்.

மகன் எழுதிக் கேட்டார்: ஒவ்வொரு தலைப்பிலும் எவ்வளவு கழித்தீர்கள், எந்த விதி எண், அதைத் தமிழில் சொல்லுங்கள். தமிழ்க் கடிதம் வரவில்லை. ஆனால் ஒரு பட்டியல் வந்தது. வரம்பு 3,000, எடுத்த அறை 5,000, ஆகவே ஐந்தில் மூன்று பங்குதான் தருவோம் என்று பில் முழுவதையும் குறைத்திருந்தார்கள். அறைக்கு அது சரி: 12,000. மருத்துவர், அரங்குக் கட்டணத்துக்கும் பாலிசி விதிப்படி சரி: 30,000. மருந்து, பரிசோதனையில் 2,000 ரூபாய் கையுறை போன்றவற்றுக்கு, அது பாலிசியில் இல்லை. மீதி 28,000-ஐயும் அதே விகிதத்தில் 16,800 ஆக்கியிருந்தார்கள். தப்பு அங்கேதான். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு விகிதாசாரக் கழிவு போடக் கூடாது என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் அப்படியே.

சரியான கணக்கு 12,000, 30,000, 28,000 சேர்ந்து 70,000. அதில் 20 சதவீதக் கோ-பே 14,000 போக 56,000. அம்மாவுக்கு வர வேண்டிய பாக்கி 8,960 ரூபாய். பாக்கியைக் காட்டி எழுதியதும் கொடுத்துவிட்டார்கள். மீதி 44,000 ரூபாய் ஏன் வரவில்லை என்பதையும் இப்போது அம்மாவுக்குச் சொல்ல முடிந்தது: அறை பெரிதாக எடுத்ததால் 28,000, கோ-பே 14,000, கையுறை வகையறா 2,000. அடுத்த முறை அறை கேட்கும்போது அவரே வாடகையைக் கேட்பார்.

தமிழ் லெட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா? நாள் போயிடாதா?

போய்விடும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தமிழில் கேட்டிருக்கிறோம் என்பதற்காக எந்தக் கெடுவும் நிற்காது. ஆங்கிலக் கடிதம் வந்த நாளிலிருந்தே எண்ணுங்கள்.

புது பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் என்றேனே, அது பாலிசி ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து. தமிழ்த் தாள் இருபத்தைந்தாம் நாள் வந்தாலும் மீதி ஐந்து நாள்தான். அதனால் கேட்கும்போதே, முடிவெடுக்க இது வேண்டும் என்று காரணம் எழுதி முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

கிளைம் தகராறு என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் எழுத வேண்டும். அவர்கள் 14 நாளுக்குள் தீர்க்க வேண்டும். காப்பீட்டுத் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போக, நிறுவனம் உங்கள் புகாரை மறுத்த நாளிலிருந்து, அல்லது பதிலே இல்லாமல் ஒரு மாதம் கழிந்த நாளிலிருந்து, ஓராண்டு இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டாண்டு. அங்கே எதிர்த்தரப்பு கிளைம் மறுத்த கடிதத்தின் தேதியைத்தான் காட்டும். புகாரையும் தமிழ்க் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். புகாருக்கு ஒரு கடிதம், மொழிக் கோரிக்கைக்கு இன்னொன்று. ஒன்று கிடப்பில் போனாலும் மற்றது நகரும்.

தமிழ்த் தாளே வரல, பதிலும் இல்ல. எங்க போறது?

இதற்கும் அதே படிக்கட்டுதான்: குறைதீர்ப்பு அதிகாரி, 14 நாள். பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளமான bimabharosa.irdai.gov.in. கணினி வேண்டாம் என்றால் 155255 அல்லது 1800 4254 732 எண்ணுக்குக் கூப்பிடலாம், complaints@irdai.gov.in என்ற முகவரிக்கு எழுதலாம். ‘விதிப்படி வட்டார மொழியில் தகவல் தாள் தரவில்லை’ என்று ஒரே குற்றச்சாட்டாக எழுதுங்கள். அதோடு ஏஜென்டின் மீதுள்ள கோபம், பிரீமியம் ஏறியது எல்லாம் சேர்த்தால், பதில் பிரீமியத்தைப் பற்றி மட்டும் வரும்.

தாள் தரவில்லை என்பதற்காக மட்டும் ஆம்புட்ஸ்மேனிடம் போவது அவ்வளவு பயன் தராது என்பது என் கருத்து. அவர் பணத் தகராறைத் தீர்ப்பதில்தான் வல்லவர்.

அப்பா நோயை மறைச்சுட்டார்னு முழு கிளைமையும் மறுத்துட்டாங்க. படிவம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, அவர் தமிழ்ல கையெழுத்துதான் போட்டார். இதைச் சொல்லி வாதாடலாமா?

வாதாடலாம். ஆனால் “எனக்கு ஆங்கிலம் தெரியாது” என்று மட்டும் சொன்னால் எடுபடாது. கையெழுத்துப் போட்டால் படித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பார்க்க வேண்டியது படிவத்தின் கடைசிப் பக்கம். விண்ணப்பித்தவர் வேறு மொழியில் கையெழுத்திட்டிருந்தாலோ, கைரேகை வைத்திருந்தாலோ, ‘படிவத்தில் உள்ளதை இவருக்குப் புரியும் மொழியில் விளக்கினேன்’ என்று இன்னொருவர் கையெழுத்திடும் உறுதிமொழி அங்கே இருக்கும். நாலாவது பதிலில் படிவத்தின் நகல் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்த இடம் காலியாக இருந்தால், கேள்விகளை அப்பாவுக்கு யாரும் விளக்கவில்லை என்ற உங்கள் வாதத்துக்கு எலும்பு கிடைத்துவிட்டது. யாரோ கையெழுத்திட்டிருந்தால் அவர் யார், அப்பாவைச் சந்தித்தாரா என்று கேளுங்கள். படிவம் முழுக்க ஒரே கையெழுத்தில், எல்லா நோய்க் கேள்விக்கும் ஒரே மாதிரி ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தால் அதையும் சுட்டுங்கள். அப்பா முகவரிடம் சர்க்கரை மாத்திரையைக் காட்டினார் என்பதற்கு ஏதாவது சான்று இருந்தால் மிக நல்லது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், உண்மையிலேயே கேட்டு, தெரிந்தே மறைத்திருந்தால் மொழி உங்களைக் காப்பாற்றாது.

இதையெல்லாம்விடச் சுலபமான கேள்வி ஒன்றை முதலில் கேளுங்கள்: பாலிசி எத்தனை வருடமாக இடைவெளி இல்லாமல் ஓடுகிறது? தொடர்ந்து 60 மாதம் ஆகிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, நோயைச் சொல்லவில்லை என்று மருத்துவ கிளைமை மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி மூன்றாண்டுக்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மூன்றாண்டுக்குள் கேட்டாலும் காரணத்தையும், அதற்கு ஆதாரமான ஆவணங்களையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவ கிளைமை மறுக்க நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தர வேண்டும் என்பதும் விதி. அந்த ஒப்புதல் தேதியை உங்கள் கடிதத்தில் கேளுங்கள்.

ஆம்புட்ஸ்மேனுக்குத் தமிழ்லயே எழுதலாமா? அம்மா நேர்ல வரணுமா?

தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. விதி கேட்பது எழுத்து மூலமான, கையெழுத்திட்ட புகார். அதில் பெயர், முகவரி, நிறுவனம், நடந்தது, இழப்பு, என்ன தீர்வு வேண்டும் என்பவை. கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறை எடுப்பார். cioins.co.in தளத்திலும் பதியலாம்.

புகாரை அம்மா சொல்கிறபடி தமிழில் எழுதிக் கையெழுத்திடட்டும். கணக்கை மட்டும் ஒரு பக்கப் பட்டியலாக, மேலே சொன்ன 47,040, 56,000 போல, எண்களில் சேர்த்துவிடுங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது, யார் படித்தாலும் புரியும். நேரில் வர முடியாவிட்டால் காணொலி விசாரணை கேட்கலாம். ஒரே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், அதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். பிடிக்காவிட்டால் அம்மா ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அரசு கம்பெனி பாலிசி. ஆர்டிஐ போட்டா தமிழ்ல வருமா?

விண்ணப்பத்தைத் தமிழில் போடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு வட்டார ஆட்சி மொழியில் எழுத அனுமதிக்கிறது. ஆனால் இருக்கிற ஆவணத்தை இருக்கிற மொழியில்தான் தருவார்கள். மொழிபெயர்த்துத் தரச் சொல்ல அந்தச் சட்டம் உதவாது.

அதனால் ஆர்டிஐயைத் தமிழ்க் கடிதத்துக்காகப் போடாதீர்கள். அப்பாவின் கிளைம் கோப்பில் இருக்கும் அலுவலகக் குறிப்புகள், மருத்துவ ஆலோசகர் கருத்து ஆகியவற்றின் நகலுக்காகப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். தனியார் நிறுவனங்களுக்கு இந்த வழி இல்லை.

நாங்களே மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கி வெச்சுக்கட்டுமா?

வீட்டில் படிக்க மொழிபெயர்க்கலாம், நோட்டரி செலவு வீண். நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கொடுத்த காகிதம் மட்டுமே.

ஒரு தடவை தமிழ்ல வாங்கிட்டோம். ரென்யூவல் ஆனா மறுபடி கேக்கணுமா?

கேட்க வேண்டும். புதுப்பிக்கும்போது புது ஷெட்யூல் வரும். நிறுவனம் பாலிசியைத் திருத்தியிருந்தால் கோ-பே, அறை வரம்பு எல்லாம் மாறியிருக்கலாம். போன வருடத் தமிழ்த் தாளைப் படித்துவிட்டு இந்த வருடம் அறை எடுத்தால் கணக்கு தப்பும். பிரீமியம் நினைவூட்டல் வந்ததும் பழைய கடிதத்தையே தேதி மாற்றி அனுப்புங்கள். “சென்ற ஆண்டிலிருந்து எது மாறியிருக்கிறது என்று தமிழில் குறிப்பிடுங்கள்” என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டால் பதில் கொஞ்சம் வேகமாக வருகிறது.